பெரம்பலூர் காட்டிலிருந்து மார்த்தாண்டம் கடை வரை: ஒரு வெள்ளைச் சட்டை வந்த வழி

மார்த்தாண்டத்தில் ஆண்கள் சட்டைக் கடை தொடங்கியிருக்கும் என் அக்கா மகளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஈரோட்டுத் துணி, புதியம்புத்தூர் தையல் என்று பல வருடம் கொள்முதல் வேலையில் அலைந்தவன் நான். குமரி மாவட்டத்தில் புதிதாகத் துணிக்கடை போடுபவர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரியின் கடையோடு நின்றுவிடுகிறார்கள். அவருக்கு முன்னால் அந்தச் சட்டை எத்தனை கைகள் மாறியது என்று தெரிந்தால், எதை வாங்கலாம், எப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் குறை சொல்லி வந்தால் அது யார் செய்த கோளாறு என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

அதற்காக ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை, முழுக்கை, 40 சைஸ், நூறு சதவீதம் பருத்தி, பாப்ளின் துணி. பட்டன், காலருக்குள் ஒட்டும் கேன்வாஸ் எல்லாம் நீங்கலாகத் துணி மட்டும் 240 கிராம் இருக்கும்.

காட்டில்

நம் மாவட்டத்தில் பருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே கொட்டுகின்றன. காய் வெடித்துப் பஞ்சு வெளியே தெரியும் நேரத்தில் மழை பெய்தால் பஞ்சு நனைந்து, கறுத்து, வீணாகிவிடும். பருத்திக்கு முதலில் மழையும் கடைசியில் காய்ந்த வெயிலும் வேண்டும். பெரம்பலூர் கரிசல் மண்ணில் அது கிடைக்கிறது. புரட்டாசி மழையை நம்பி விதைத்தால் தை மாதம் முதல் எடுப்பு தொடங்கும். பூத்ததிலிருந்து காய் வெடிக்க ஒன்றரை மாதம் ஆகும். எல்லாக் காயும் ஒன்றாக வெடிக்காது என்பதால் ஒரே செடியில் மூன்று நான்கு முறை ஆள் விட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் எடுக்கிறார்கள், கையால்.

எடுத்த பருத்தியை எதில் போட்டுக் கட்டுகிறார்கள் என்பது உங்கள் கடையைப் பாதிக்கும் விஷயம். பழைய உரச்சாக்கில் கட்டினால் சாக்கின் பிளாஸ்டிக் இழைகள் பிரிந்து பருத்தியோடு கலந்துவிடும். அவை அரவை ஆலையிலும் நூற்பாலையிலும் இன்னும் மெல்லியதாகக் கிழிந்து நூலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பருத்தி சாயம் ஏற்கும், பிளாஸ்டிக் ஏற்காது. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் தலைமுடி கனத்தில் ஒரு நீலக் கீற்றோ மஞ்சள் கீற்றோ தெரிந்தால், துவைத்தும் போகவில்லை என்றால், ஊசி முனையால் நெம்பிப் பாருங்கள். தனி இழையாக எழுந்து வந்தால் அது காட்டிலோ சந்தையிலோ கலந்தது. தையல்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. நூற்பாலைகள் ஆள் வைத்தும் இயந்திரம் வைத்தும் இதைப் பொறுக்குகின்றன, ஆனாலும் முழுதாகப் போவதில்லை. துணிச் சாக்கில் கட்டிய சுத்தமான பருத்திக்கு விலை கூடுதல் கிடைக்கும் என்றால்தான் விவசாயிக்கும் அதில் அக்கறை வரும்.

விவசாயி பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை எழுதிப் போடுவார்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் விலை குறையும். 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். கிலோ 81 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குக்குக் கடைசியில் வருவோம்.

அரவை ஆலை, நூற்பாலை

கொட்டையோடு இருப்பது பருத்தி, கொட்டை நீங்கினால் பஞ்சு. அரவை ஆலையில் நூறு கிலோ பருத்தி போட்டால் 34 கிலோ போலத்தான் பஞ்சு கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி கொட்டை. அது எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. பஞ்சை அழுத்தி 170 கிலோ பேல்களாகக் கட்டுகிறார்கள். வியாபாரிகள் விலை பேசுவது கண்டிக் கணக்கில். ஒரு கண்டி 356 கிலோ.

நம் சட்டைக்கான பேல் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போகிறது. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு ஆலைகளின் தேவைக்குத் தமிழ்நாட்டுப் பருத்தி போதாது. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா பேல்கள் வந்து சேர்கின்றன. ஆலை அவற்றைக் கலந்துதான் நூற்கும். ஒரே ஊர்ப் பஞ்சு மட்டும் ஓட்டினால் அடுத்த லாட்டில் நூலின் குணமே மாறிவிடும். ஆகவே "இந்தச் சட்டை எந்த ஊர்ப் பருத்தி?" என்று யாராவது கேட்டால், பெரும்பாலான சட்டைக்கு நேர்மையான பதில் "பல ஊர்" என்பதுதான். நம் கதையில் பெரம்பலூர்ப் பங்கை மட்டும் பின்தொடர்கிறோம்.

ஆலைக்குள் பஞ்சைத் தட்டி, தூசி நீக்கி, சீவி, கயிறாக்கி, இழுத்து மெலிதாக்கி, கடைசியில் முறுக்கி நூலாக்குகிறார்கள். நல்ல சட்டை நூலுக்கு இடையில் கோம்பிங் என்று ஒரு சீப்பு வேலை கூடுதலாக உண்டு. குட்டை இழைகளையெல்லாம் சீவி வெளியே எடுத்துவிடுவது. குட்டை இழை இருந்தால் நூலில் முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், சட்டை இரண்டு மாதத்தில் பொசுபொசுவென்று நூல் உருண்டை கட்டும். வெளியே எடுத்த குட்டைப் பஞ்சு மட்ட ரக நூலுக்கும் மருத்துவப் பஞ்சுக்கும் போகிறது. எல்லாச் சேதாரமும் போகப் பஞ்சில் 72 சதவீதம் நூலாக வந்தால் சரி.

நூலின் கனத்தை நம்பரால் சொல்வார்கள். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் நூல் வந்தால் அது 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், விலை கூடும். நம் சட்டை 40-ஆம் நம்பர் நூல். ஒரு கிலோவில் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் நூல் இருக்கும். இந்தச் சட்டைக்கு வாங்கிய 313 கிராம் நூலைப் பிரித்து நீட்டினால் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக் கடற்கரை வரை போகும்.

நூற்பாலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ராஜபாளையம் போக வேண்டியதில்லை. நம் ஆரல்வாய்மொழியிலேயே கூட்டுறவு நூற்பாலை இருக்கிறது. அனுமதி கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை அந்தச் சத்தத்தில் நின்றால் நூல் விலை ஏறும்போது ஏன் என்று புரியும்.

தறியில்

கோனில் வந்த நூலில், துணியின் நீளவாக்கில் ஓடும் பாவுக்கு உரியதைத் தனியாகச் சுற்றிக் கஞ்சி போடுவார்கள். தறியில் பாவு நூல் ஓயாமல் உரசுவதால் கஞ்சி இல்லாவிட்டால் அறுந்துபோகும். குறுக்கே ஓடும் ஊடு நூலுக்குக் கஞ்சி வேண்டாம். பல்லடம், சோமனூர் பக்க விசைத்தறியில் நெய்து இறங்கும் துணிக்குக் காடா என்று பெயர். பழுப்பாக, முரடாக இருக்கும்.

நம் துணியில் அங்குலத்துக்குப் பாவு 133, ஊடு 72. ஒரு மீட்டர் நெய்ய 2,835 ஊடு அடிக்க வேண்டும். சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120 அடித்து, நூல் அறுந்து நிற்கும் நேரத்தையும் கழித்தால், பத்து மணி நேரத்தில் 20 மீட்டர் போல இறங்கும். 58 அங்குல அகலத் துணியில் ஒரு முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் வேண்டும். அப்படியானால் பத்து மணி நேரத்துக்கு ஒரு தறி பன்னிரண்டு சட்டைக்குத்தான் துணி தருகிறது. ஆயிரம் சட்டைக்கு 1,600 மீட்டர். ஒரே தறியில் ஓட்டினால் 80 ஷிப்ட். பத்து தறியில் போட்டால் எட்டு ஷிப்ட். நவீனத் தறிகள் இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் மின்வெட்டோ கூலிப் பிரச்சினையோ வந்தால் முதலில் தாமதமாவது இந்த இடம்தான்.

தறியில் வந்த குறையைக் கண்டுபிடிப்பது எளிது. கோடு சட்டையில் மேலிருந்து கீழாக நேராக ஓடினால் பாவில் ஓர் இழை அறுந்தது. குறுக்கே ஓடினால் ஊடு நூல் கட்டையாகவோ விட்டுப்போயோ இருக்கும். துணியைச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

பிராசசிங்: சட்டை சுருங்குவது இங்கே முடிவாகிறது

கடை திறந்து கொஞ்ச நாளில் அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, ஒருத்தரு சட்டையத் திருப்பிக் கொண்டு வந்திருக்காரு. ஒரு தடவ அலக்கினதும் கழுத்துப் பட்டன் போட முடியலயாம். டெய்லர் அளவ மாத்திட்டானோ?"

"டெய்லரத் திட்டாத மக்ளே. அதே லாட்டுல அலக்காத சட்டை ஒண்ணு எடு. ரெண்டு காலரையும் டேப் வச்சு அளந்து சொல்லு."

அலக்காத சட்டையின் காலர் 40 சென்டிமீட்டர். திரும்பி வந்தது 38.8. தையல் சரியாகத்தான் இருந்தது. துணிதான் மூன்று சதவீதம் சுருங்கியிருந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள காடா துணியின் பின்னால் பெருந்துறை பிராசசிங் ஆலைக்குப் போக வேண்டும். அங்கே துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைத் தீயில் பொசுக்கி, கஞ்சியைக் கரைத்து எடுத்து, காரத்தில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள். பளபளப்புக்காகக் காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்து மெர்சரைஸ் செய்கிறார்கள். வெள்ளைக்குப் பிரைட்னர் ஏற்றுகிறார்கள். இத்தனை இயந்திரத்திலும் துணி நீளவாக்கில் இழுபட்டபடியே ஓடுகிறது. நூல் நீண்டு நிற்கிறது. சூடாக உலர்த்தும்போது அந்த நிலையிலேயே படிந்துவிடுகிறது. பிறகு உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீரில் போட்டதும், இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் நூல் தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அதுதான் சுருக்கம். பருத்தியின் குணம் அது, மோசடி அல்ல.

இதற்கு மருந்து சான்போரைசிங். ஈரப்பதமும் சூடும் கொடுத்து, தடித்த ரப்பர் பெல்ட்டில் துணியை நீளவாக்கில் நெருக்கி, வீட்டில் சுருங்கவேண்டியதை ஆலையிலேயே சுருங்க வைப்பது. ஒழுங்காகச் செய்தால் மிச்சச் சுருக்கம் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆனால் நூறு மீட்டர் துணி உள்ளே போனால் சில மீட்டர் குறைந்துதான் வெளியே வரும். துணி விற்பது மீட்டர் கணக்கில். அதனால் அரைகுறையாகச் செய்துவிட்டு "சான்போரைஸ்" என்று முத்திரை குத்தும் ஆசை சிலருக்கு வருகிறது.

மூன்று சதவீதம் கேட்கச் சின்னது. ஆனால் நம் ஊரில் சட்டை சைஸ் என்பது காலரின் சென்டிமீட்டர் அளவு. 40-இல் மூன்று சதவீதம் 1.2 சென்டிமீட்டர். 40 வாங்கியவர் வீட்டில் 39-ஐவிடச் சின்னதாக ஒன்று இருக்கிறது.

ஆகவே இதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சோதியுங்கள். தயாரிப்பாளரிடம் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மாதிரித் துணி கேட்டு வாங்குங்கள். அதில் அழியாத மையால் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, எது பாவு வாக்கு என்று அம்புக்குறி போடுங்கள். மூன்று தடவை சாதாரணமாகத் துவைத்து, நிழலில் காயவைத்து, இழுக்காமல் அயர்ன் செய்து அளந்து பாருங்கள். பாவு வாக்கில் 49.5 இருந்தால் நல்ல துணி. 49 வரை ஏற்கலாம், தைக்கும்போதே அளவு கூட்டிக்கொள்ளச் சொல்லலாம். 48.5 என்றால் வேண்டாம். எனக்குத் தெரிந்து புதிய கடைக்காரர் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

இன்னொன்று. மெல்லிய துணியைக் கனமாகக் காட்டக் கடைசியில் மறுபடி கஞ்சி ஏற்றுவதுண்டு. கையில் மொடமொடவென்று நிற்கும், ஒரு துவைப்பில் கொசுவலை மாதிரி ஆகிவிடும். வெட்டுத் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுக் கஞ்சி உண்டு. இதை நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கஞ்சி பூஞ்சைக்கு உணவு, ஆனி ஆடி ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே சட்டையில் புள்ளி விழுந்துவிடும்.

புதியம்புத்தூரில் தையல்

தூத்துக்குடி மாவட்டத்துப் புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். ஆயத்த ஆடைக்குப் பேர்பெற்ற ஊர், நமக்குப் பக்கமும்கூட. அங்கே நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே காகிதத்தில் வரைந்த அளவை வைத்து, கட்டிங் மெஷினால் ஒரே வெட்டு. துணியில் 15 சதவீதம் துண்டுகளாகக் கழியும்.

அந்தக் காகிதத்தில் ஒரு சைஸ் மட்டும் இருக்காது. பெரிய சட்டையின் பாகங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் சின்னச் சட்டையின் காலரும் கஃப்பும் பொருந்தும். அதனால்தான் 38, 40, 42, 44 எல்லாம் சேர்ந்து ஒரு விகிதத்தில் வெட்டுப்படுகின்றன. கடைக்கு "செட்" ஆகத்தான் தருவார்கள், 40 மட்டும் தா என்றால் தரமாட்டார்கள். இந்த விகிதம்தான் உங்கள் லாபத்தைத் தீர்மானிக்கிறது.

உதாரணமாக, 24 சட்டை கொண்ட செட். 38-இல் 4, 40-இல் 8, 42-இல் 8, 44-இல் 4. வரி நீங்கலாக ஒன்று 500 ரூபாய்க்கு வாங்கி 750-க்கு விற்கிறீர்கள். போட்ட பணம் 12,000. எல்லாம் விற்றால் 18,000, லாபம் 6,000. இப்போது 44 நாலும் விற்காமல் நின்றுவிட்டது என்று வையுங்கள். வந்தது 15,000. லாபம் 3,000. ஆறில் ஒரு பங்கு சரக்கு தங்கியதும் லாபத்தில் பாதி போய்விட்டது, அதிலிருந்துதான் வாடகையும் கொடுக்க வேண்டும். அதனால் முதல் சில மாதம் எந்த சைஸ் எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதுங்கள். மொத்தமாக ஆர்டர் கொடுக்கும்போது விகிதத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களிடம் காரணம் இருக்கும்.

தையலில் பார்க்கவேண்டியது அதிகமில்லை. பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையலாவது இருக்க வேண்டும். எட்டு என்றால், இரு பக்கமும் பிடித்து இழுத்தாலே பல் இளிக்கும். காஜாவின் உள்ளே நூல் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். கையையும் உடம்பையும் பகல் வெளிச்சத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள், வெள்ளையிலும் இரண்டு வெள்ளை உண்டு, வேறு வேறு ரோல் துணி கலந்திருந்தால் தெரிந்துவிடும். துவைத்த பிறகு காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பினால் அது கேன்வாஸ் ஒட்டியதில் வந்த குறை. சூடோ அழுத்தமோ போதவில்லை, அல்லது கேன்வாஸும் துணியும் வேறு வேறு அளவில் சுருங்குகின்றன.

எடைக் கணக்கு

இப்போது சட்டையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்போம். 240 கிராம் சட்டைக்கு 282 கிராம் துணி வெட்டினார்கள். அந்தத் துணிக்கு, தறியிலும் வெளுப்பிலும் போன பத்து சதவீதத்தைச் சேர்த்து, 313 கிராம் நூல். நூலுக்கு 435 கிராம் பஞ்சு. பஞ்சுக்கு 1,280 கிராம் பருத்தி. சட்டையைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆதரவு விலையில் அந்தப் பருத்திக்கு விவசாயிக்குக் கிடைப்பது 104 ரூபாய். விதை, உரம், மருந்து, எடுப்புக் கூலி எல்லாம் அதற்குள்தான். பருத்தி கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் சட்டைக்கு ஆறு ரூபாய் நாற்பது காசுதான் கூட வேண்டும். பருத்தி விலை ஏறியதைச் சொல்லி யாராவது சட்டைக்கு 60 ரூபாய் ஏற்றினால் இந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

மார்த்தாண்டம் கடைக்கு

நம் மாவட்டத்தில் சட்டை விற்கும் நாட்கள் ஒரே மாதிரி இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஓணமும் கிறிஸ்துமஸும் பெரிது. தீபாவளி நாகர்கோவிலில் நன்றாக ஓடும். கிறிஸ்துமஸ் சட்டை டிசம்பர் முதல் வாரம் தட்டில் இருக்க வேண்டும். தைக்க மூன்று வாரம், பிராசசிங்குக்கு இரண்டு வாரம், நெய்ய ஒரு மாதம், தீபாவளி நெருக்கடியில் தாமதமாவதற்கு இன்னொரு மாதம் என்று வைத்தால், உங்கள் விருப்பத்துக்குச் செய்து தரச் சொல்பவர் ஆகஸ்ட் கடைசியிலேயே பேசி முடிக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் எல்லாத் தையல் கூடமும் நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு போனால் மொத்த வியாபாரியிடம் மிஞ்சியிருப்பதுதான் கிடைக்கும்.

லாரி திருநெல்வேலி வந்து, ஆரல்வாய்மொழி கடந்து, நாகர்கோவில் வழியாக வந்து சேரும். அட்டைப்பெட்டி இறங்கியதும் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகை போட்டு வையுங்கள். விலைச்சீட்டு அடிக்கும்போது வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒன்று 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18.

ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருக்கும் லாட் நம்பரைப் பில்லிலும் உங்கள் நோட்டிலும் குறித்துவையுங்கள். பருத்தி ஆலைக்குள் கலந்த பிறகு அந்தச் சட்டையின் பின்னால் போக உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சட்டையை விற்காமல் எடுத்துவையுங்கள். அக்கா மகள் அப்படித்தான் அந்தப் புகாரைத் தீர்த்தாள். அலக்காத காலர் 40, அலக்கியது 38.8, லாட் நம்பர் இது என்று இரண்டையும் டேப்போடு படம் எடுத்து அனுப்பினாள். "டெய்லர் சரியில்லை" என்று அனுப்பியிருந்தால் வாதம் வாரக்கணக்கில் நீண்டிருக்கும். தயாரிப்பாளர் துணி கொடுத்தவரைக் கேட்டார், மிச்சமிருந்த பதினொரு சட்டையையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த ஆர்டரில் அவள் முதலில் கேட்டது 50 சென்டிமீட்டர் மாதிரித் துணி.